சரியாக உள்ளது

மாதக் கடைசி நாள் சாயங்காலம் 5.40-க்கு என் போன் நடுங்க ஆரம்பித்தது. 5.52-க்கு ஓய்ந்தது. அந்த 12 நிமிடத்தில் 14 ஒர்க் ஆர்டர்கள் மூடப்பட்டிருந்தன. மேல்நிலைத் தொட்டி, தண்ணீர் பம்ப், சமையலறைப் புகைபோக்கி, சோலார் ஹீட்டர், ஜெனரேட்டர் என்று ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றுக்கும் கீழே ‘கண்டறிந்தது’ என்ற கட்டத்தில் ஒரே வாசகம்: “செக் செய்யப்பட்டது. ஓகே.”

எங்கள் விடுதியில் தொட்டி இருப்பது மேட்டில், காபிச் செடிகளுக்கு நடுவே. ஜெனரேட்டர் கொட்டகை கீழே பள்ளத்தில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகவே 12 நிமிடம் ஆகும். கொட்டச்சேட்டுத் தேக்கங்காட்டுக்குப் பறவை பார்க்க எங்கெங்கிருந்தோ கழுத்தில் பைனாகுலரோடு வருகிறார்கள். எங்கள் டெக்னீஷியன் தம்பி அன்றைக்கு மட்டும் அவர்கள் கண்ணில் எப்படிப் படாமல் போனான் என்பது தெரியவில்லை.

அவனைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும். அதுதான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் என்ற என் உத்தியோகம். ஆனால் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு நீள நோட்டுப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்து நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

1994-இல் இதே கட்டடத்தில் நான் ஹெல்பர். அப்போது இது ஒரு காபித் தோட்டத்தின் பழைய பங்களா; பின்னால் நாலு அறை சேர்த்து வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு மேலே ஒரே ஒருவர், எலெக்ட்ரீஷியன் மேஸ்திரி. குப்பனூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வருவார். காக்கி அரைக்கால் சட்டை, காதில் பென்சில். அவருக்கு எழுத்துக் கூட்டி எழுத வரும். அழகாக எழுத வராது. எனக்கு எழுத்து முத்து முத்தாக வரும், வேலைதான் வராது. ஆகவே நோட்டு என் பொறுப்பு.

சனிக்கிழமைதோறும் மேனேஜர் அந்த நோட்டில் கையெழுத்துப் போடுவார். “ஜெனரேட்டர் பார்க்கப்பட்டது. சரியாக உள்ளது. பம்ப் பார்க்கப்பட்டது. சரியாக உள்ளது.” வாரா வாரம் இதையே எழுதுவானேன் என்று நான் ஒரு மழைநாளில் உட்கார்ந்து இரண்டு மாதத்துக்குத் தேதி போட்டு மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். மேனேஜரும் தன் பங்குக்கு வாரா வாரம் ஒரு கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தார். இடையில் ஒரு தடவை எஞ்சினில் தலை கேஸ்கெட் போய், ஜெனரேட்டரை அப்படியே லாரியில் ஏற்றிக் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கொட்டகையில் நாலு போல்ட்டும் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. அந்த வாரத்து நோட்டில்: “ஜெனரேட்டர் பார்க்கப்பட்டது. சரியாக உள்ளது.” கீழே மேனேஜர் கையெழுத்து, பச்சை மசியில்.

ஆக, 12 நிமிடத்தில் 14 முடித்தவன் என் வாரிசுதான். நான் இரண்டு மாதத்தை ஒரு மத்தியானத்தில் முடித்தவன்.

இப்போது நோட்டு இல்லை, ஆப் இருக்கிறது. எந்த இயந்திரத்துக்கு எத்தனை நாளுக்கொரு முறை, எத்தனை மணி நேர ஓட்டத்துக்கொரு முறை என்ன பார்க்க வேண்டும் என்று ஒருமுறை ஏற்றிவிட்டால் அதுவே அந்தந்த நாளில் ஒர்க் ஆர்டரைப் பெற்றுப் போடும். ஜெனரேட்டருக்கு வாரம் ஒரு ஓட்டம், மாதம் ஒரு முழு பார்வை, 250 மணி நேரம் ஓடினால் ஆயில், ஃபில்டர். கிளம்பிய தாள் கெடு தேதிக்குள் மூடப்படாவிட்டால் சிவப்பாகும். மூடிய எண்ணிக்கையைக் கிளம்பிய எண்ணிக்கையால் வகுத்து ஒரு சதவீதம் வரும். அது சென்னையில் இருக்கிற தலைமை அலுவலகத்துச் சுவரில், பச்சை வட்டமாகத் தெரியும். பச்சையாக இருக்கிறவரைக்கும் சென்னைக்குக் கொட்டச்சேடு சௌக்கியம்.

நோட்டைப் போல ஏமாறக் கூடாது என்று ஆப்பில் ஓர் ஏற்பாடும் செய்திருந்தார்கள். பேட்டரிக்கு நேரே ‘வோல்டேஜ்’ என்ற கட்டத்தில் எண் போட்டால்தான் தாள் மூடும். வெறும் ஓகே செல்லாது. இனி பொய் சொல்ல முடியாது என்று பயிற்சிக்கு வந்த பையன் சொன்னான். வாஸ்தவம்தான். 2023 ஜனவரி முதல் மே வரை எங்கள் டெக்னீஷியன் தம்பி பேட்டரி விஷயத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மாதா மாதம் கொட்டகைக்குப் போனான், மீட்டரை வைத்தான், கண்ணால் கண்டதை எழுதினான். ஜனவரி 13.5. பிப்ரவரி 13.5. மார்ச் 13.6. ஏப்ரல் 13.5. மே 13.5. வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் ஏரித் தண்ணீர் மாதிரி சலனமில்லாத கோடு.

மே மாதக் கூட்டம் நிரம்பிய ஒரு சாயங்காலம் இடி மழை பிடித்தது. ஏற்காட்டில் கோடை மழை என்றால் கரன்ட் ஒருமுறை போய் ஒழியாது. போகும், வரும், மறுபடி போகும். முதல் தடவை போனபோது ஜெனரேட்டர் ஒழுங்காகப் பிடித்தது. கரன்ட் வந்தது, நின்றது. இரண்டாம் தடவையும் பிடித்தது. கொஞ்சம் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை நீளமாக முனகி, மனசில்லாமல் பிடித்தது. நாலாம் தடவை ‘டக்’ என்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு ‘டக்’. இன்னொன்று. மூன்று முயற்சிக்குப் பிறகு கன்ட்ரோலர் கைகழுவிவிட்டு `FAIL TO START` என்று எழுதிக் காட்டியது. விடுதி நிறைய ஆட்கள், சமையலறையில் பாதி வெந்த பிரியாணி. பழைய பங்களா என்பதால் மெழுகுவர்த்தி அழகாக இருக்கிறது என்று ஒரு பெங்களூர்க் குடும்பம் மட்டும் பாராட்டியது.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் பேட்டரி. டார்ச் வெளிச்சத்தில் தம்பி மீட்டரை வைத்தான். 11 வோல்ட்டுக்கும் கீழே. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “சத்தியமா சார், போன வாரம்தான் பார்த்தேன். 13.5 இருந்துச்சு. போட்டோகூட இருக்குங்க சார்.”

போட்டோ இருந்தது. மீட்டரில் 13.5 பளிச்சென்று தெரிந்தது. படத்தின் ஓரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஐந்து மாதமாக நாங்கள் இருவருமே அதைப் பார்க்கவில்லை. பேட்டரி சார்ஜரின் சிவப்பு விளக்கு.

ஜெனரேட்டர் பேட்டரி கார் பேட்டரி மாதிரி இல்லை. பாதி நேரம் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். தூக்கத்திலேயே வடிந்துவிடக் கூடாது என்று ஒரு சார்ஜர் கரன்ட்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் அதற்கு மெதுவாக ஊட்டிக்கொண்டிருக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு அந்தச் சார்ஜர் வைத்துக்கொள்ளும் அளவு சுமார் 13.5. அது ஓடும்போது பேட்டரியின் இரண்டு முனையில் மீட்டரை வைத்தால் தெரிவது சார்ஜரின் ஆரோக்கியம், பேட்டரியினுடையது அல்ல. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாட்டியிருக்கிறவரிடம் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்ட மாதிரி. ஐந்து மாதம் நாங்கள் சார்ஜரைத்தான் பேட்டரியின் பெயரில் பரிசோதித்திருக்கிறோம். வாராந்திர ஓட்டமும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு ஸ்டார்ட். ஊட்டம் ஏறிய பேட்டரி அந்த ஒன்றைச் சமாளித்துவிடும். அன்றைய மழை நாலு கேட்டது.

மறுநாள் பேட்டரியின் ஆறு மூடியையும் கழற்றி ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தோம். அமிலத்தின் அடர்த்தியைச் சொல்லும் கண்ணாடிக் குழாய் அது. நல்ல சார்ஜில் இருக்கிற குழியில் 1.250-க்கும் 1.280-க்கும் இடையில் மிதக்கும். எங்கள் பக்கத்தில் புள்ளியை விட்டுவிட்டு 1250, 1280 என்றே சொல்வோம். ஐந்து குழிகளில் 1220 ஒட்டி இருந்தது. மூன்றாவது குழியில் 1130. எல்லாக் குழியும் ஒன்றாக இறங்கியிருந்தால் பேட்டரி பசியில் இருக்கிறது, சார்ஜ் ஏற்றினால் சரியாகும் என்று அர்த்தம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தக் குழி உள்ளே ஷார்ட், பேட்டரி முடிந்தது.

“இது ஒரே ராத்திரில ஆனதா சார்?”

இல்லை. அது மெதுவாகச் சாகிற சாவு. அது போகிற போக்கில் இரண்டு மூன்று இடத்தில் சொல்லிவிட்டுத்தான் போகும். ஆப்பைத் திறந்து பழைய தாள்களைப் பார்த்தோம். ‘டிஸ்டில்டு வாட்டர் ஊற்றப்பட்டதா?’ ஆம், ஆம், ஆம், ஆம், ஆம். எந்தக் குழிக்கு எவ்வளவு என்று கேள்வி இல்லை, பதிலும் இல்லை. நான் கேட்டேன்: “எல்லாக் குழிக்கும் ஒரே மாதிரியாடா ஊத்தினே?”

யோசித்தான். “இல்லீங்க சார். மூணாவதுக்கு ஊத்தவே வேண்டியதில்ல, எப்பவும் நெறஞ்சே இருக்கும். மத்ததுதான் ரெண்டு மூணு மாசமா நெறையக் குடிச்சுது. ஜாஸ்தி குடிக்கிறதுதான் கோளாறுன்னு நெனச்சு அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

அந்த இடத்தில்தான் மேஸ்திரியின் குரல் எனக்குள் கேட்டது. 1996-ஓ 97-ஓ, இதே கொட்டகை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் ஒரு குழி நிறைந்தே இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். “டேய், தண்ணி குடிக்காத மாடுதாண்டா நோக்காட்டு மாடு” என்றார்.

கணக்கு எளிமையானது. ஒரு குழி உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் அது தன் பங்கு வோல்டேஜைத் தாங்காது. சார்ஜருக்கு அது தெரியாது, அதே 13.5-ஐ மிச்சமிருக்கும் ஐந்தின் தலையில் கட்டிவிடும். ஆறு பேர் தூக்க வேண்டிய பாரத்தை ஐந்து பேர் தூக்குகிறார்கள். அவை கொதித்துக் குமிழ்விட்டுத் தண்ணீரை இழக்கும். நோயாளி மட்டும் சலனமில்லாமல், நிறைந்த குழியோடு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். சார்ஜரின் முகத்தில் ஒரு சின்ன ஆம்பியர் முள் இருக்கிறது. அதுவும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்காமல் கொஞ்சம் தூக்கி நின்றிருக்கும். தம்பி இதையெல்லாம் பார்த்திருக்கிறான். எழுதத்தான் இடமில்லை. இடமிருந்த கட்டத்தில் எழுதியது உண்மை, உபயோகமில்லாத உண்மை.

மேஸ்திரி பேட்டரி பார்த்த விதம் வேறு. முதலில் சார்ஜரை நிறுத்துவார். டீ குடிக்கப் போய்விடுவார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவார். அது சோம்பேறித்தனம் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். சார்ஜரை நிறுத்தினதும் பேட்டரியின் மேல் ஒரு போலி வோல்டேஜ் ஏடு மாதிரி படிந்திருக்கும். அது இறங்க நேரம் கொடுக்க வேண்டும். இறங்கிய பிறகு 12.6 காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி. பிறகு என்னை எஞ்சின் பக்கம் நிறுத்தி ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடிக்கச் சொல்வார். டீசல் போகாது, எஞ்சின் பிடிக்காது, செல்ஃப் மட்டும் சுற்றும். ஐந்து வினாடி சுற்றவிட்டு, தன் பழைய ஊசி மீட்டரில் ஊசி எங்கே விழுந்து நிற்கிறது என்று பார்ப்பார். பத்துக்கு மேலே நின்றால் தலையாட்டுவார். ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் புது பேட்டரிக்குச் சொல்லிவிடச் சொல்வார். சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் யோக்கியம்தான். பாரம் ஏற்றினால்தான் குணம் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் மீட்டரில் புள்ளிக்குப் பிறகு எதுவும் தெரியாது. ஊசியின் தடிமனே கால் வோல்ட் இருக்கும். எங்கள் டிஜிட்டல் மீட்டர் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும். ஆனால் அது வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். செல்ஃப் சுற்றுகிற அந்தச் சில வினாடியில் எண்கள் ஓடி மறைந்துவிடும், எது அடிமட்டம் என்று கண்ணுக்குச் சிக்காது. அதற்காகவே அதில் `MIN MAX` என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் மிகக் குறைந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மீட்டர் வாங்கி ஆறு வருஷம், அந்தப் பட்டனின் மேல் ஒட்டியிருந்த பாலிதீன் அன்றைக்குத்தான் உரிந்தது.

புது பேட்டரி வந்தது. அதோடு சென்னையிலிருந்து ஓர் உத்தரவும் வந்தது: இனி பேட்டரி ஒர்க் ஆர்டர் மாதம் ஒன்று அல்ல, வாரம் ஒன்று. அலுவலகங்களுக்குத் தெரிந்த ஒரே கஷாயம், வேளையைக் கூட்டுவது. வாரம் ஒருமுறை க்ளாம்ப்பைக் கழற்றி, உப்புத் தாளால் தேய்த்து, வாசலின் தடவி, திரும்ப மாட்டு. ஆகஸ்டில் மறுபடி ஒரு நாள் செல்ஃப் ‘டக்’ என்று நின்றது. புத்தம் புது பேட்டரி, சார்ஜரை நிறுத்திப் பார்த்தால் 12.7. நல்ல பேட்டரி, நல்ல செல்ஃப், நடுவே க்ளாம்ப்பின் போல்ட் முக்கால் திருகோடு நின்றிருந்தது. அந்த வாரம் தேய்த்து முடிக்கும்போது யாரோ கெஸ்ட் வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார். தம்பி இறுக்கி முடிக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். செல்ஃப் சுற்றும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கொம்பிலும் மறு முனையைக் க்ளாம்ப்பிலும் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எங்களுக்கு இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. தொட்டுப் பார்த்தால் க்ளாம்ப் சுட்டது.

பராமரிப்பே பழுதைப் பெற்றெடுக்கும் என்பது எங்கள் கொட்டகையில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவில் வாடிங்டன் என்ற உயிரியல் விஞ்ஞானி விமானங்களின் பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை. பரிசோதனை முடிந்து வெளியே வந்தவுடன் பழுதுகள் குறைய வேண்டும், அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க ஏற வேண்டும் என்பதுதானே எதிர்பார்ப்பு? அவர் கணக்கில் நேர்மாறாக வந்தது. பரிசோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் குவிந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதில் கெட்டவை அவை. மருந்தாகப் பரிசோதனை இடைவெளியை நீட்டினார்கள். போர்க்காலத்தில்கூட அதைக் கேட்டுக்கொள்ள ஓர் அதிகாரி இருந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நான் சென்னைக்கு எழுதிய மூன்று மெயிலுக்கும் “நோட்டட்” என்று பதில் வந்தது. அதுவும் ஒரு விதத்தில் “சரியாக உள்ளது”தான். நாலாவதற்குப் பிறகு ஏனோ மாதம் ஒன்றாகத் திரும்பியது.

அதற்கப்புறம் தம்பியும் நானும் உட்கார்ந்து பேட்டரித் தாளை எப்படி மூடுவது என்று பேசி முடிவு செய்தோம். கட்டங்களை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அடியில் ‘குறிப்பு’ என்று நீளமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. இப்போது அவன் எழுதுவது இப்படி இருக்கும்:

“காலை 7.30-க்குச் சார்ஜர் நிறுத்தம். 9.30-க்கு 12.6. பிடிக்காமல் 5 வினாடி சுற்றியதில் குறைந்தது 10.4; போன மாதம் 10.5. குழிகள் 1255 முதல் 1265. தண்ணீர் ஆறுக்கும் சமமாக, கொஞ்சம். க்ளாம்ப் கழற்றவில்லை, இறுக்கம் மட்டும் பார்த்தேன். சார்ஜர் திரும்பப் போட்டாச்சு. ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்தினேன். சாவி ஆட்டோவில்.”

இதில் எனக்கு மிகப் பிடித்தது ‘போன மாதம் 10.5’. அந்தப் பத்துப் புள்ளி நாலுக்குத் தனியாக மதிப்பே இல்லை. போன மாதம் 10.5 என்றால் நிம்மதி. போன மாதம் 11 என்றால் சேலத்துக்குப் போன் போட வேண்டும். அடுத்து ‘கழற்றவில்லை’. செய்யாததை எழுத ஆப்பில் கட்டம் கிடையாது. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் முதலில் தேட வேண்டியது எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை என்பதைத்தான். கடைசி வார்த்தைக்காக ஒரு கதையே உண்டு. பரிசோதனைக்காக மேனுவலில் வைத்த சாவியை ஆட்டோவுக்குத் திருப்பாமல் வந்துவிட்டால், நூற்றுக்கு நூறு ஆரோக்கியமான ஜெனரேட்டர் இருட்டில் கைகட்டி நிற்கும். அந்தக் கதையில் சாவியைத் திருப்ப மறந்தவன் நான். ஆகவே விரிக்கவில்லை.

இதையெல்லாம் முடிவு செய்த அன்று பெருமையாகத் தம்பியிடம் சொன்னேன்: “எங்க மேஸ்திரி நோட்டுல எதுவும் இருக்காது. ஆனா கொட்டகைக் கதவோட உள்பக்கத்துல பென்சில்ல எழுதி வச்சிருப்பாரு பாரு, நீ பார்க்கணும். தேதி போட்டு, ஊசி எங்க நின்னுச்சு, எந்தக் குழி தண்ணி குடிக்கல, எல்லாம். பதினஞ்சு வருஷக் கணக்கு.”

“எங்கீங்க சார் அது?”

கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். சில்வர் ஓக் பலகைக் கதவு. உள்பக்கம் பளபளவென்று சாம்பல் நிற எனாமல்.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து ஆப்பில் ‘கதவு’ என்று தேடினான். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதுதான் கஷ்டம். 2019, மழைக்கு முந்திய வருடாந்திரப் பராமரிப்பு, ஜெனரேட்டர் கொட்டகைக் கதவுக்குப் பெயின்ட். மூடியவர் இடத்தில் என் பெயர். கண்டறிந்தது: “உள்பக்கம் அழுக்கு, கிறுக்கல்கள். உப்புத் தாள் போட்டுத் தேய்த்து இரண்டு கோட் அடிக்கப்பட்டது. சரியாக உள்ளது.” முன்னும் பின்னுமாக இரண்டு போட்டோ வேறு. முந்திய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சாம்பல் வரிகள் தெரிந்தன. எண் எதுவும் படிக்கக் கூடியதாக இல்லை. ஒரே ஒரு இடத்தில், உற்றுப் பார்த்தால், ‘3-ம் குழி’ என்பது மாதிரி இருந்தது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை இறங்கியது. ஏற்காட்டு மலைப் பாதையில் மண் சரிந்தது. கரன்ட் இல்லை, போன் டவர் இல்லை. எங்கள் கொட்டகைப் பள்ளத்தில் நல்ல நாளிலேயே சிக்னல் பிடிக்காது. பலாமரத்தடிக்கு ஏறி வந்தால்தான் ஒரு கோடு. இப்போது பலாமரமும் கைவிட்டது. ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. விட்டு விட்டு ஓட்டினோம், டீசலைக் கஞ்சத்தனமாக ஊற்றி. தம்பி ராத்திரியும் அங்கேயே ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்தான்.

டவர் வந்த பிறகு ஆப் ஒரேயடியாக விழித்து, நிலுவை அத்தனையையும் சிவப்பாகக் கொட்டியது. புயல் நாட்களுக்கான ஜெனரேட்டர் தாள் காலியாக இருந்தது. என்னடா, ஒன்றும் எழுதி வைக்கவில்லையா என்று கேட்கக் கொட்டகைக்கு இறங்கினேன். அவன் ஆயில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல் கதவைக் காட்டினான்.

சாம்பல் எனாமலின் மேல், தச்சர் பென்சிலால், தேதி போட்டு: எத்தனை மணிக்கு ஓடினது, எத்தனை மணிக்கு நின்றது, டீசல் எத்தனை விரல், ஸ்டார்ட்டுக்கு எத்தனை வினாடி, செல்ஃப் சுற்றும்போது எத்தனை வோல்ட். எழுத்து சுமார்தான். ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரிய நான் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

போன மே மாதம் ஆப் வழக்கம்போல அந்த ஒர்க் ஆர்டரைப் பெற்றுப் போட்டது. ஜெனரேட்டர் கொட்டகைக் கதவு, உள்ளும் புறமும், எனாமல் இரண்டு கோட். பெயின்ட் டப்பா ஸ்டோரில் இருந்தது, பிரஷ் இருந்தது, ஆள் இருந்தான். வெளிப்பக்கம் மட்டும் அடிக்கச் சொன்னேன். தாளை மூடும்போது உள்பக்கம் ஏன் முடிக்கவில்லை என்று அது கேட்டது. தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள் கொடுத்திருந்தார்கள்: பொருள் இல்லை, ஆள் இல்லை, உள்ளே செல்ல வழி இல்லை.

மூன்றாவதைத் தொட்டேன். தாள் பச்சையாகி மூடிக்கொண்டது.